வெட்டினால் பிரியும் மைசூர் பட்டு

மைசூரு தேவராஜ அர்ஸ் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், புடவைக்கு ஃபால்ஸ் தைத்து பிக்கோ அடித்துத் தரும் ஓர் அம்மாளிடம் க்ரேப் பட்டுப் புடவையோடு போயிருந்தேன். ரவிக்கைத் துண்டை வீட்டிலேயே வெட்டி, இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன். எடுத்துப் பிரித்தபோது வெட்டிய ஓரத்தில் அரை அங்குலத்துக்குக் குறுக்கு நூலே இல்லை. நெடுக்கு நூல்கள் மட்டும் தாடி போலத் தொங்கின. "வெட்டின கையோட கொண்டு வந்திருக்கணும்ங்க, இது காட்டன் இல்ல" என்றார் அவர்.

அவருடைய மெஷினைத் துடைக்கும் துணி, எப்போதோ கத்தரித்த பழைய பனியன். எண்ணெய்க் கறை ஏறி நைந்திருந்தாலும் அதன் ஓரத்தில் நூல் பிரியவில்லை. மெஷினின் மேல் நூல்கண்டு மாட்டும் கம்பியின் அடியில் நாணயம் அளவில் ஒரு ஃபெல்ட் வட்டு இருந்தது. அதுவும் வெட்டி எடுத்ததுதான், ஓரம் தைக்காததுதான். அதன் விளிம்பும் வெட்டியபடியே இருந்தது. மூன்றும் துணிதான். நூலையோ இழையையோ எது பிடித்து நிறுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு.

நெய்த துணியில் பாவு நூல்கள் நெடுக்கே ஓடுகின்றன, ஊடை நூல்கள் அவற்றின் மேலும் கீழுமாகக் குறுக்கே போகின்றன. இரண்டுக்கும் நடுவே முடிச்சு கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று அழுந்துவதால் வரும் உராய்வுதான் துணியைத் துணியாக வைத்திருக்கிறது. துணியின் நடுவில் இருக்கும் ஊடை நூல் நகரப் பார்த்தால் பக்கத்து ஊடைகள் தடுக்கும். குறுக்கே வெட்டியதும், விளிம்பில் உள்ள ஊடைக்கு வெளிப்பக்கம் தடுக்க எதுவும் இல்லை. அது நழுவி விழும். அடுத்த ஊடை விளிம்புக்கு வரும், அதுவும் விழும்.

துணியின் இரு பக்க ஓரங்களில் இந்தத் தொல்லை இல்லை. தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா ஓரத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது, நூலும் கடைசிப் பாவைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. அங்கே நூலுக்கு முனையே இல்லாததால் பிரிய வழியில்லை. நாம் ஓரம் தைப்பதெல்லாம், கத்தரி எடுத்துப் போன இந்தத் திருப்பத்துக்கு ஈடாக ஒன்றை உண்டாக்கத்தான்.

பனியன் துணியில் பாவு, ஊடை என்று இரண்டு கிடையாது. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் கீழ்வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. வெட்டினால் சில கண்ணிகள் அறும், ஆனால் அறுந்த துண்டுகள் வளைந்து வளைந்து மற்றக் கண்ணிகளில் மாட்டியிருப்பதால் நேராக உருவி விழாது. அதற்காக அது பிரியவே பிரியாது என்றும் சொல்ல முடியாது. பின்னி முடித்த பக்கத்திலிருந்து இழுத்தால் ஸ்வெட்டர் போல வரிசை வரிசையாகக் கழன்று வரும். வழவழப்பான நைலான் காலுறையில் ஒரு கண்ணி அறுந்தாலே ஏணிப்படி போல ஓடும். மெல்லிய பனியன் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும். திருப்பூரில் அதன் ஓரத்தை மடித்துத் தைப்பது பெரும்பாலும் இந்தச் சுருட்டலை அடக்கவும், இழுத்தால் நீளும் தையல் வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஃபெல்ட்டில் நூலே இல்லை. காஷ்மீரின் நம்தா விரிப்பை நினைத்துக்கொள்ளலாம். ஆட்டு ரோமத்தைப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் விட்டு அழுத்தி உருட்டுகிறார்கள். ரோமத்தின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டி இறுகுகின்றன. எங்கே வெட்டினாலும் ஒவ்வோர் இழையும் உள்ளே எல்லாத் திசையிலும் சிக்கியிருக்கிறது. உருவி எடுக்க நீளமான நூல் ஒன்றும் கிடைக்காது.

சரி, நெய்த துணிகளிலும் பருத்தி பாப்ளின் இவ்வளவு சீக்கிரம் பிரிவதில்லையே, மைசூர் க்ரேப் மட்டும் ஏன்? நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912-இல், இந்த ஊரில் தொடங்கிய பட்டு ஆலையின் துணி செய்யப்படும் முறையிலேயே விடை இருக்கிறது. பருத்தி இழை சுமார் 3 சென்டிமீட்டர் நீளம்தான். அவற்றைத் திரித்த நூலில் எங்கும் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்து நூலைப் பிடித்துக்கொள்ளும். பட்டுக்கூட்டிலிருந்து வருவதோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் ஒரே வழவழப்பான இழை. அதில் பிடித்துக்கொள்ள முடி இல்லை.

இரண்டாவது காரணம் பசை. மைசூர் க்ரேப்பைப் பசை நீக்காத கச்சாப் பட்டில் நெய்து, துணியான பிறகுதான் சோப்பு நீரில் வேகவைக்கிறார்கள். பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கும் பசை அதில் கரைந்து போகிறது. நூல்கள் மெலிந்து, அவற்றின் நடுவே இடம் விழுகிறது. புடவை உடம்போடு குழைந்து விழுவதும் இதனால்தான், ஓரத்தில் நூல் நழுவுவதும் இதனால்தான்.

மூன்றாவது முறுக்கு. க்ரேப்பின் ஊடை நூலை மீட்டருக்கு 2,000 சுற்றுக்கும் மேல் முறுக்கியிருப்பார்கள். துணியின் அந்த மெல்லிய சுருக்கம் இந்த முறுக்கால் வருவது. ஓர் ஊடையை உருவிப் பாருங்கள், விரலில் பட்டதும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டுவிடும். வெட்டிய ஓரத்திலும் அது தானாகவே நெளிந்து வெளியே வருகிறது, யாரும் இழுக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாள் முதலில் ஓர் ஊடை நூலை முனையிலிருந்து முனை வரை உருவினார். துணியில் மெல்லிய கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினார். கோணலாக வெட்டியிருந்தால் ஊடைகள் பாதி வழியில் அறுந்து, தைத்த பிறகும் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு புடவைப் பக்கத்து விளிம்புக்கு பிக்கோ. ஓரம் மெல்லிய திரி போல உருண்டு உள்ளே போக, ஊசி இடமும் வலமுமாக நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகிறது. கடைசி ஊடைகள் உருளைக்குள் அடைபட்டுவிடுவதால் நழுவ இடமில்லை.

ரவிக்கைக்குள் ஓவர்லாக் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓவர்லாக் மெஷின் ஓரத்தைச் சீவிவிட்டு, விளிம்பைச் சுற்றி நூலைப் பின்னுகிறது. பருத்திக்கு அது தாராளமாகப் போதும். க்ரேப்பில் தையல் மிகக் குறுகலாக இருந்தால், அது பிடித்திருக்கும் நான்கைந்து நூல்களோடு சேர்ந்து முழுத் தையலும் நாடா போல உரிந்து வந்துவிடும். தையல் அகலம் அரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், நெருக்கமாகவும் இருக்க வேண்டும். லைனிங் இல்லாத ரவிக்கைக்கு நான் இரட்டைத் தையலைத்தான் சொல்வேன். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய இரு துண்டையும் சேர்த்துத் தைத்து, ஓரத்தை 3 மில்லிமீட்டராகக் குறைத்து, திருப்பிப்போட்டு மறுபடி தைத்தால் வெட்டிய ஓரம் உள்ளேயே மூடிக்கொள்ளும்.

ஓரம் பத்திரமாக இருந்தும் தையல் அருகே துணி இளிப்பதுண்டு. முதுகிலும் கைக்குழியிலும் இழுவிசை வரும்போது நூல்கள் தையலை விட்டு விலகுவதுதான் காரணம். தைக்கும் முன், இரு கட்டைவிரலாலும் துணியை அழுத்தி எதிரெதிரே தள்ளிப் பாருங்கள். நூல்கள் விலகி வெளிச்சம் தெரிந்தால் ரவிக்கையை இறுக்கமாகத் தைக்கக் கூடாது, லைனிங்கும் கட்டாயம்.

ரிப்பன் ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டி ஒட்ட வைப்பது போல இந்தப் பட்டுக்கும் செய்துவிடாதீர்கள். பாலியஸ்டர் உருகி மூடிக்கொள்ளும். பட்டு உருகாது, முடி கருகும் நாற்றத்தோடு பொடிந்துபோகும்.

முந்தானைப் பக்கம் பாவு நூல்கள் நீண்டு நின்றால், கன்னடத்தில் குச்சு என்று சொல்லும் குஞ்சம் கட்டலாம். முடிச்சு கடைசி ஊடையை ஒட்டி உட்கார வேண்டும். கால் அங்குலம் தள்ளிப் போட்டாலும் ஊடைகள் முடிச்சு வரை இறங்கி வந்து, முந்தானை ஓரத்தில் துணி சல்லடையாகிவிடும். "அவசரத்துல கட்டினா அடுத்த கல்யாணத்துக்கே தெரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே, விரல் நகத்தால் ஊடைகளை மேலே தள்ளிவிட்டு ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கினார் அவர்.