சிலிண்டர் ஏன் ஆற வேண்டும்?

கண்டுபிடிப்புக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களைத் திருத்தித் தருவது என் வேலை. கைக்கு வரும் பக்கங்கள் பெரும்பாலும் கருவியின் ஒரு முனையில் தொடங்கி, உறுப்பு உறுப்பாக மறுமுனைக்குப் போகும். எது புதிது என்று எழுதியவருக்குத் தெரியும். ஆனால் குழுவில் இருக்கும் வங்கி அதிகாரிக்கோ வேறு துறைப் பேராசிரியருக்கோ எல்லா உறுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த வேலையைக் கற்க வருபவர்களிடம் நான் முதலில் ஜேம்ஸ் வாட்டின் எந்திரத்தைத்தான் எழுதச் சொல்வேன். அனேகமாக எல்லோரும் இப்படித் தொடங்குவார்கள்: “இதில் ஒரு கொதிகலன், நீராவி நுழையும் சிலிண்டர், அதனுள் பிஸ்டன், பிஸ்டனைப் பம்போடு இணைக்கும் நீண்ட உத்தரம், குழாயால் இணைந்த தனிக் கலம், காற்றை வெளியேற்றும் பம்பு ஆகியவை உள்ளன.” ஒரு வரியும் பொய் இல்லை. ஆனால் புதியது ஐந்தாவது இடத்தில் ஒளிந்து கிடக்கிறது.

எந்த வரிகள் பழைய எந்திரத்துக்கும் பொருந்துகின்றன என்று அடிக்கோடிடச் சொல்வேன். 1712-லேயே நியூகமன் கட்டிய எந்திரத்தில் கொதிகலன், சிலிண்டர், பிஸ்டன், உத்தரம் எல்லாம் உண்டு. சிலிண்டரில் நீராவியை நிரப்பி, உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி நீராகச் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ள, உத்தரத்தின் மறுமுனை மேலேறி, சுரங்கத்து நீரை இறைக்கும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த வாட்டிடம் 1763-64 குளிர்காலத்தில் அந்த எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க வந்தது. சரிசெய்த பிறகும் சில தடவை ஏறி இறங்கியதும் நீராவி போதாமல் நின்றுவிட்டது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் ஆறிவிடுவதால், அடுத்து வரும் நீராவி உலோகத்தைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோவதை அவர் கண்டார். 1765-ல் வழி பிடிபட்டது. 1769-ல் காப்புரிமை கிடைத்தது.

ஆகவே பக்கம் அந்தக் குறையிலிருந்து தொடங்க வேண்டும்:

“சுரங்க நீரை இறைக்கும் இன்றைய எந்திரம், ஒவ்வோர் இறைப்புக்கும் தன் சிலிண்டரைச் சூடாக்கி, உடனே அதையே குளிரவைக்கிறது. நிலக்கரியில் பெரும்பகுதி ஆறிய உலோகத்தை மறுபடி சூடாக்கவே செலவாகிறது. எங்கள் எந்திரத்தில் சிலிண்டர் ஆறுவதே இல்லை. நீராவியைக் குளிர்விக்கும் வேலை, குழாயால் இணைத்த தனிக் கலத்தில் நடக்கிறது.”

காற்றுப் பம்பு இதில் இல்லை என்று உடனே கேட்பார்கள். அது இல்லாமல் எந்திரம் தொடர்ந்து ஓடாது, உண்மைதான். தனிக் கலத்தில் சேரும் காற்றையும் நீரையும் அதுதான் வெளியேற்றுகிறது. ஆனால் அந்தக் கலம் எதற்கு என்று புரிந்த பிறகுதான் பம்பு எதற்கு என்பது புரியும். அதற்கு அடுத்த பத்தி இருக்கிறது.

உவமையும் சேர்க்கலாம். ஒவ்வோர் ஈடு இட்லிக்கும் பானையைப் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆறவைத்து மறுபடி அடுப்பில் ஏற்றினால் விறகு என்னவாகும்? வீணாகும் சூடு எங்கே போகிறது என்பது இதில் சட்டென்று விளங்கும். ஆனால் இட்லிப் பானையை ஆறவைக்க எந்தக் காரணமும் இல்லை. நியூகமனுக்குக் குளிர்விப்பதால்தான் வேலையே நடந்தது. இதையும் சொல்லாவிட்டால், முன்னோர் ஏதோ முட்டாள்தனம் செய்தார்கள் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். குளிர்வித்தே ஆக வேண்டும், சிலிண்டரோ ஆறவும் கூடாது என்ற முடிச்சை வாட் அவிழ்த்தார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

எழுதியதைத் துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படித்ததும் தாளை வாங்கிவிட்டு, “என்ன மாறியிருக்கிறது?” என்று கேட்பேன். “கரி மிச்சமாகும்” என்றால் பக்கம் தேறவில்லை. ஸ்மீட்டன் என்ற பொறியாளர் பழைய எந்திரத்தையே நேர்த்தியாகக் கட்டிக் கரியை நன்றாக மிச்சப்படுத்தினார். “சிலிண்டர் சூடாகவே இருக்கும், வேறு இடத்தில் குளிரவைக்கிறார்கள்” என்று பதில் வந்தால் போதும்.

அதனால் என்ன லாபம் என்பதற்கு இடத்தைக் காட்ட வேண்டும். கார்ன்வால் சுரங்கங்களில் செம்பும் வெள்ளீயமும் கிடைத்தன, நிலக்கரி இல்லை. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். பழைய எந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை போல்டன்-வாட் நிறுவனம் கட்டணமாகக் கேட்டது. வீணாகும் கரியின் கனம் இந்த ஒரு கணக்கில் தெரிகிறது.

இதோடு இன்னொரு வரியும் எழுதச் சொல்வேன்: நிலக்கரிச் சுரங்க வாசலில், விற்காத தூள்கரி மலிவாகக் கிடைக்கும் இடத்தில், பழைய எந்திரமே போதும். அங்கே உண்மையிலேயே நியூகமன் எந்திரங்கள் நெடுங்காலம் ஓடின. கண்டுபிடித்தவர்கள் அடிக்கச் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட வரியைத்தான். நான் அடிப்பதில்லை. குழுவில் நிலக்கரி வட்டாரத்துக்காரர் ஒருவர் இருந்தால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.