கைமாறிய மடிக்கணினியும் கைமாறாத உத்தரவாதமும்

டுரியான் துங்காலில் உள்ள மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, ஒவ்வொரு படிப்பாண்டின் இறுதியிலும் மடிக்கணினிகளும் கன்சோல்களும் கைமாறும். படிப்பை முடித்துப் போகும் மூத்தவர்கள் விற்பார்கள். கல்விக் கடன் கையில் வந்த இளையவர்கள் வாங்குவார்கள். "இன்னும் ஆறு மாசம் வாரண்டி இருக்கு தம்பி" என்ற ஒரு வார்த்தைக்காகவே இருநூறு ரிங்கிட் கூடக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த ஆறு மாதம் வாங்கியவருக்கு உண்மையிலேயே வந்து சேருகிறதா என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

உத்தரவாதம் என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பது உண்மையில் மூன்று தனித்தனி வாக்குறுதிகள். முதலாவது, பொருளைத் தயாரித்த நிறுவனம் தருவது. இரண்டாவது, விற்ற கடை தன் பங்குக்குச் சேர்த்துத் தருவது. மூன்றாவது, யாரும் எழுதித் தராவிட்டாலும் சட்டம் தருவது. பொருள் கைமாறும்போது இம்மூன்றும் ஒரே மாதிரி கைமாறுவதில்லை.

தயாரிப்பாளர் உத்தரவாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். டெல் நிறுவனத்தில் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யும் வழி உண்டு. கணினியின் அடியில் உள்ள 'சர்வீஸ் டேக்' எண்ணையும் பழைய உரிமையாளரின் விவரங்களையும் கொடுத்தால், எஞ்சிய உத்தரவாதம் புதியவர் பெயருக்கு மாறும். இதற்கு மாறாக, சோனியும் நிண்டெண்டோவும் அமெரிக்காவில் தங்கள் கன்சோல்களுக்குத் தரும் உத்தரவாதம், 'ஒரிஜினல் பர்ச்சேசர்', அதாவது முதலில் வாங்கியவருக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நம் ஊரில் விற்கப்பட்ட பொருளாக இருந்தாலும், பெட்டியில் உள்ள உத்தரவாத அட்டையில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியார் கொண்டுவந்த 'இம்போர்ட் செட்' என்றால், உள்ளூர்ச் சேவை மையம் அதை ஏற்காமல் போகலாம். அத்தகைய பொருளுக்குக் கடையின் வாக்குறுதி மட்டுமே இருக்கும்.

அடுத்தது தேதி. உத்தரவாதம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாங்கிய நாளுக்கு ரசீதுதான் சான்று. ரசீது இல்லையென்றால், ஏசுஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பதிவேட்டில் உள்ள உற்பத்தித் தேதியையே தொடக்க நாளாக எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வந்து விற்பனையாகும் வரை ஓடிய மாதங்கள் அப்போது நம் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

என் விடுதித் தோழன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். அவன் வாங்கிய மடிக்கணினி 2022 டிசம்பரில் தயாரானது. ஒரு மூத்த மாணவர் அதை 2023 மார்ச் 10ஆம் நாள் கடையில் வாங்கினார். தயாரிப்பாளர் உத்தரவாதம் இரண்டு ஆண்டு. கடை மூன்றாம் ஆண்டையும் சேர்த்துக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் அது 1,700 ரிங்கிட்டுக்குத் தோழன் கைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் திரை இருண்டுவிட்டது. சேவை மையத்தில் தொடர் எண்ணைத் தட்டிப் பார்த்தவர், உத்தரவாதம் 2024 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்றார். தோழன் மூத்தவரை அழைத்தான். "அண்ணே, ரசீது வெச்சிருக்கீங்களா?" நல்லவேளையாக அவர் வாங்கிய அன்றே படம் பிடித்து வைத்திருந்தார். அதில் தேதியும் இருந்தது, தொடர் எண்ணும் இருந்தது. முடிவு நாள் 2025 மார்ச் 9 என்று திருத்தப்பட்டு, திரையை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு ஜூனில் தாய்ப்பலகை பழுதானது. இப்போது கடையின் மூன்றாம் ஆண்டைத்தான் நம்ப வேண்டும். கடையின் தாளிலோ 'முதல் வாங்குநருக்கு மட்டும்' என்று இருந்தது. கடைக்காரர் மறுத்துவிட்டார். தோழன் வேறொரு பழுதுபார்ப்பவரிடம் 480 ரிங்கிட் கொடுத்துச் சரிசெய்தான்.

இங்கேதான் மூன்றாவது வாக்குறுதி நினைவுக்கு வர வேண்டும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். நியாயமான காலம் உழைப்பதும் அத்தரத்தில் அடங்கும். அத்தரம் இல்லாதபோது தயாரிப்பாளரிடம் இழப்பீடு கோரும் உரிமையைப் பற்றிப் பேசும் 52ஆம் பிரிவு, பயனீட்டாளரை மட்டுமன்றி, அவரிடமிருந்தோ அவர் வழியாகவோ பொருளைப் பெற்றவரையும் குறிப்பிடுகிறது. அதாவது இரண்டாம் உரிமையாளரும் அதில் அடங்குகிறார். தயாரிப்பாளருக்கு இந்நாட்டில் வாணிப இடம் இல்லையென்றால் இறக்குமதியாளரோ விநியோகிப்பாளரோ அந்த இடத்தில் நிற்பார்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இப்பிரிவு தருவது இழப்பீடு. எழுத்து உத்தரவாதம் இன்னும் நடப்பில் இருந்தால், முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்டு, அது நடக்காத பிறகுதான் மதிப்புக் குறைவுக்கான இழப்பீட்டைக் கோரலாம். கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்லர். பழுதின் காரணத்தை நாம்தான் காட்ட வேண்டும். தோழன் பழைய பலகையைப் பழுதுபார்ப்பவரிடமே விட்டுவிட்டான். காரணம் எழுதிய அறிக்கையும் வாங்கவில்லை. ஆகவே அவன் கையில் சான்று இல்லை. 480 ரிங்கிட் அவன் செலவாகவே போயிற்று. நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் வந்த பிறகே வெளியில் பிரிக்கக் கொடுத்திருக்க வேண்டும். நிறுவனம் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள்; உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும்.

விற்ற மூத்தவர் மீது இம்மன்றத்தில் வழக்காட முடியுமா என்று கேட்கலாம். வாணிபமாக விற்காத தனியாரை இச்சட்டம் விற்பனையாளராகக் கருதுவதில்லை. பழைய பொருள் விற்கும் கடை என்றால் கருதும்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் மூன்று சான்றுகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, தேதியும் தொடர் எண்ணும் உள்ள முதல் ரசீது. கடை ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும். படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் வாங்கியதென்றால் ரசீது விற்பவரின் கணக்கில் இருக்கும். அதைப் பதிவிறக்கி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு, முத்திரையிட்ட உத்தரவாத அட்டை. மூன்று, விற்பனைக் கடிதம்: இருவர் பெயர், நாள், விலை, தொடர் எண், 'எஞ்சிய உத்தரவாத உரிமைகளையும் மாற்றித் தருகிறேன்' என்ற வரி, இருவர் கையொப்பம். 'முதல் வாங்குநருக்கு மட்டும்' என்ற நிபந்தனையை இக்கடிதம் அழித்துவிடாது. ஆனால் பொருள் யார் வழியாக உங்களிடம் வந்தது என்பதைக் காட்டும்.

ரசீதில் உள்ள எண் கணினியில் உள்ளதுதானா என்பதையும் அங்கேயே சரிபாருங்கள். விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இதைத் தட்டினால் எண் தோன்றும்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

கன்சோலில் அடிப்புற அல்லது பின்புற ஒட்டுத்தாளையும் பெட்டியையும் ஒப்பிடலாம். எண்கள் வேறுபட்டால் அந்த ரசீது வேறொரு பொருளுக்குரியது. உத்தரவாதத்துக்கென்று ஒரு சென்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

படிப்பை முடித்துப் பழைய கணினியை விற்றுவிட்டுப் போன அண்ணன்மார், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ரசீது இன்னும் உங்கள் மின்னஞ்சலில் கிடக்கலாம். தேடி எடுத்து, அடையாள அட்டை எண் இருந்தால் அதை மறைத்துவிட்டு, வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள்.