பிடித்த சாம்பாரே பிடிக்காமல் போவது ஏன்?

கீமோதெரபி தொடங்கிய சில வாரங்களில், "கடுகு தாளிக்கும் வாசனை வந்தாலே அம்மா எழுந்து வெளியே போய்விடுகிறார்" என்று குடும்பத்தினர் எங்களிடம் கூறுவதுண்டு. சமைப்பவர் தம் கைப்பக்குவம் குறைந்துவிட்டதோ என வருந்துகிறார். மற்றவர்கள் நோயாளி பிடிவாதம் பிடிப்பதாக எண்ணுகின்றனர். இரண்டும் சரியல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் காலையில் இட்லியும் சாம்பாரும் உண்டுவிட்டு மருந்தேற்றிக்கொள்ள வருகிறார். மருந்து குருதியில் கலந்ததும் சிறுகுடல் சுவரிலுள்ள சில செல்கள் செரோட்டோனினை வெளியிடுகின்றன. அச்செய்தி நரம்பின் வழியே மூளைத்தண்டை அடைய, மாலையில் குமட்டல் எழுகிறது. குமட்டலுக்குக் காரணம் மருந்தா, சாம்பாரா என்று மூளையின் அப்பகுதியால் பிரித்தறிய இயலாது. கடைசியாக உண்ட, மணம் மிகுந்த உணவையே அது நஞ்செனக் குறித்துக்கொள்கிறது. நஞ்சுண்டு பிழைத்த உயிர் அதை மீண்டும் தொடாதிருக்க அமைந்த பழைய காவல் இது. இதற்கு ஒரே ஒரு முறை போதும். இடையில் சில மணி நேரம் கடந்திருந்தாலும் போதும். மருந்தே காரணம் என நோயாளி நன்கறிந்திருந்தாலும் வெறுப்பு வரவே செய்யும்.

அமெரிக்க உளவியலாளர் ஐலீன் பெர்ன்ஸ்டைன் 1978இல் இதனை ஆய்ந்து காட்டினார். கீமோதெரபிக்கு முன் புதிய சுவையுள்ள ஐஸ்கிரீம் உண்ட குழந்தைகளுள் பலர், பின்னர் அதே ஐஸ்கிரீமைத் தவிர்த்தனர். அடுத்து வந்த ஆய்வொன்றில், உணவுக்கும் மருந்துக்கும் இடையே தனிச்சுவை மிகுந்த மிட்டாய் கொடுக்கப்பட்டது. வெறுப்பின் பெரும்பகுதியை மிட்டாய் ஏற்றுக்கொள்ள, வழக்கமான உணவு ஓரளவு தப்பியது.

ஆகவே, சிகிச்சை நாளன்றும் அடுத்த சில நாள்களும் நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவைச் சமைக்க வேண்டாம் என்கிறோம். அன்பின் மிகுதியால் வீட்டார் அன்றுதான் மீன்குழம்பு வைப்பர்! அன்று மணம் குறைந்த எளிய உணவு போதும். மருந்தேற்றுவதற்குச் சற்று முன் வழக்கத்தில் இல்லாத சுவையுடைய மிட்டாய் ஒன்றைச் சுவைக்கலாம். நீரிழிவு உள்ளவர்களும் வாய்ப்புண் உள்ளவர்களும் முதலில் எங்களிடம் கேட்டுக்கொள்க.

சூடான உணவிலிருந்து மணம் மிகுதியாக எழும். எனவே புதிதாகச் சமைத்து ஆறவைத்த தயிர்சாதம் போன்றவை எளிதில் ஏற்கும். ஆனால் 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்த உணவைத் தரலாகாது. தாளிக்கும்போது நோயாளி வேறு அறையில் இருக்கட்டும்.

வெறுத்த உணவை வற்புறுத்தி ஊட்டுவது தவறு. குமட்டலோடு உண்ணும் ஒவ்வொரு முறையும் அவ்வெறுப்பு வலுப்படும். சிகிச்சை முடிந்து குமட்டல் அடங்கியபின், சிறிது சிறிதாக மீண்டும் உண்டு பார்த்தால் பெரும்பாலும் தணியும்.

எல்லாம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. எதை உண்டாலும் உலோகச் சுவை தோன்றினால், அது மருந்து சுவையுணர்வைத் தாக்கியதன் விளைவாக இருக்கலாம். தண்ணீரும் தங்காமல் ஒரு நாள் முழுதும் வாந்தி நீடித்தாலோ, ஒரு மாதத்தில் உடல் எடை 60 கிலோவிலிருந்து 57 கிலோவாகக் குறைந்தாலோ, அடுத்த முறை வரும்வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். குமட்டல் தடுப்பு மருந்தை மாற்றியமைக்க வழியுண்டு.