நின்ற பிறகும் ஆடும் சடை

இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி திரையில் ஓடிவருகிறாள். மிட்டாய்க் கடையைப் பார்த்ததும் சட்டென்று நிற்கிறாள். அவள் கால் ஊன்றிய அதே கணத்தில் சடையும் பாவாடையும் அசைவற்றுப் போனால் என்ன தோன்றும்? வீடியோ சிக்கிக்கொண்டது என்றுதான் நினைப்போம். சடை இன்னும் ஒன்றரை நொடி, இரண்டு நொடி ஆடி அடங்கினால் மட்டுமே, ஓடிவந்தது உடம்புள்ள ஒரு குழந்தை என்று கண் ஒப்புக்கொள்ளும்.

இந்தக் குறை 1930களிலேயே டிஸ்னி ஸ்டூடியோவில் பெரிய தலைவலியாக இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் கண்டுபிடித்த தீர்வுக்கு 'ஃபாலோ த்ரூ', 'ஓவர்லாப்பிங் ஆக்‌ஷன்' என்று பெயர். அந்த ஸ்டூடியோவின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய நூலில் அனிமேஷனின் 12 அடிப்படை விதிகளைத் தொகுத்தார்கள். அவற்றில் இந்த இரண்டும் சேர்ந்து ஒரே விதியாக வருகின்றன. உடம்பு நின்ற பிறகும் அதில் ஒட்டியிருப்பவை போய்க்கொண்டே இருப்பது ஃபாலோ த்ரூ. ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு நேரத்தில் கிளம்பி வேறு வேறு நேரத்தில் நிற்பது ஓவர்லாப்பிங் ஆக்‌ஷன். வேலையில் இறங்கிவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

நம் சிறுமியையே வரைந்து பார்ப்போம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். முதல் 12 ஃபிரேமில் ஓடிவருகிறாள். 13ஆவது ஃபிரேமில் கால் ஊன்றுகிறது. உடம்பே ஒரே அடியாக நின்றுவிடக் கூடாது என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். இடுப்பு கிட்டத்தட்ட காலோடு நிற்கும். மார்பு இன்னும் கொஞ்சம் முன்னால் போய் 16இல் நிற்கும். தலை 18இல்தான் நிற்கும். சடைக்கு உயிர் கொடுப்பதில் பாதி வேலை இங்கேயே முடிகிறது. சடை தொங்குவது தலையில். தலை எப்படி நின்றதோ அதற்குத்தான் அது பதில் சொல்லும்.

ஆகவே முதலில் சடையே இல்லாமல் உடம்பை மட்டும் முழுதாக வரைந்து முடிப்பது நல்லது. சடையை அதன் மேல் தனித் தாளில், முதல் ஃபிரேமிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போக வேண்டும். இடையிடையே முக்கியப் படங்களை மட்டும் போட்டுவிட்டு நடுவை அப்புறம் நிரப்பும் முறை உடம்புக்குச் சரி. சடை முந்தைய படத்தில் எங்கே இருந்ததோ அதைப் பொறுத்தே அடுத்த இடம் அமைவதால், அதற்கு அந்த முறை ஒத்துவராது.

சடையை மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள்: அடி, நடு, ரிப்பன் கட்டிய நுனி. தலை 18இல் நின்றதும் அடி முன்னோக்கி எட்டுகிற கடைசி இடம் 20. நடு 23இல் அந்த எல்லையைத் தொடும். நுனி 26இல் தொடும். 26ஆவது படத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். நுனி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அடி அதற்குள் பின்னால் திரும்பிவிட்டது. சடை நீட்டிய 'எஸ்' வடிவத்தில் வளைந்து நிற்கும். அந்த வளைவுதான் இந்தக் கலையின் உயிர்நாடி என்பேன். அது இல்லாத சடை, ஆணியில் தொங்கவிட்ட குச்சி மாதிரிதான் ஆடும்.

அதற்குப் பிறகு ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? இதற்குக் கடிகார ஊசல் விடை சொல்கிறது. மேல்முனையில் தொங்கும் ஏறக்குறைய 37 செ.மீ. நீளக் கம்பி ஒருமுறை போய்த் திரும்ப ஒரு நொடி எடுக்கும். அந்த நீளச் சடைக்கும் தோராயமாக அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 12 ஃபிரேம். அப்படியானால் நம் சடையின் நுனி 26இல் முன்னால், 38இல் பின்னால், 50இல் மறுபடி முன்னால், 62இல் ஓய்வு. தூரம் மட்டும் ஒவ்வொரு முறையும் பாதியாகும்: முதலில் நான்கு விரற்கடை, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று.

புதிதாக வரைகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஆட்டம் அடங்க அடங்கத் தூரத்தோடு நேரத்தையும் குறைத்துவிடுவார்கள். 12 ஃபிரேம், பிறகு 8, பிறகு 4. சடை குளிரில் நடுங்குவது போல் ஆகிவிடும். ஊசலின் வீச்சு சுருங்கினாலும் நேரம் ஏறக்குறைய மாறாமல்தான் இருக்கும். நேரத்தைத் தீர்மானிப்பது நீளம். இடுப்பைத் தொடும் சடை மெதுவாக ஆடும், காதருகே நிற்கும் குட்டைச் சடை துள்ளும். எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும் என்று நினைப்பதும் தவறு. எடை கூடிய சடை காற்றுக்கு அவ்வளவாகத் தடுமாறாமல் இன்னும் சில முறை ஆடும், அவ்வளவே.

இரண்டு சடையும் ஒரே ஃபிரேமில் ஒரே பக்கம் போகக் கூடாது. ஒன்றை இரண்டு ஃபிரேம் தள்ளிப் போட்டாலே போதும். ஒற்றைச் சடையாக இருந்தால் கணக்கு வேறு: முன்னால் வர முதுகு விடாது. சடை முதுகில் மோதும், நுனி மட்டும் விலாப்பக்கம் சுற்றிவந்து விழும்.

பாவாடைக்கு ஊசல் கணக்கு உதவாது. சிறுமி நின்றதும் ஓரம் முன்னால் பறந்து, பிறகு திரும்பிவந்து காலில் சுற்றிக்கொள்ளும். காலில் உரசுவதாலும் காற்றைத் தள்ளுவதாலும் துணி சீக்கிரம் அடங்கிவிடும். பருத்திப் பாவாடை 30ஆவது ஃபிரேமிலேயே ஓய்ந்துவிடலாம். சடை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது பாவாடை நின்றிருப்பது பிழையல்ல. எல்லாம் ஒன்றாக அடங்கினால்தான் பிழை.

சிறுமிக்குப் பின்னால் ஒரு நாயும் ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வாலை சடை போல வரைந்தால் அது செத்த வாலாகத்தான் இருக்கும். வாலுக்குள் எலும்பும் தசையும் உண்டு. அதன் அடியை நாயின் மனம் ஆட்டுகிறது; நுனி மட்டும் பின்தங்கி வருகிறது. நாய் நின்ற பிறகு வால் தானாக ஒருமுறை வீசி அடங்கும். அடுத்த கணம் சிறுமியின் கையில் மிட்டாயைக் கண்டதும் அடி வேகமாக ஆடத் தொடங்கும். முதலாவது இயற்பியல், இரண்டாவது ஆசை. இந்த இரண்டையும் கலக்காமல் வரையத் தெரிந்தவரை நான் நல்ல அனிமேட்டர் என்று சொல்வேன்.

கணினியில் சடையை எலும்புச் சங்கிலியாக அமைப்பார்கள். மேல் எலும்பின் அசைவை நகலெடுத்து, அடுத்த எலும்பில் இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி ஒட்டிக்கொண்டே போவது வழக்கம். நடை, ஓட்டம் போலத் திரும்பத் திரும்ப வரும் அசைவுக்கு இது அருமையாக வேலை செய்யும். நிற்கும் இடத்துக்குப் போதாது. மேல் எலும்பு நின்றால் மற்றவையும் சில ஃபிரேம் தாமதித்து நிற்கும், அவ்வளவுதான். எல்லையைத் தாண்டி வீசித் திரும்பும் ஆட்டம் வராது. அதைக் கையால் சேர்த்தாக வேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபிரேமிலும் நுனி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் வழுவழுப்பான வளைவு வர வேண்டும். எங்காவது முக்கோணம் போல் கூர்மையாகத் திரும்பினால், திரையில் அந்த இடம் வெட்டி இழுக்கும். கூடவே சடையின் நீளத்தை நூல் வைத்து அளந்து பாருங்கள். அவசரத்தில் வரைந்த சடை பத்துப் படத்துக்குள் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும்.

அடுத்த முறை வீட்டில் கார்ட்டூன் ஓடும்போது, ஒரு பாத்திரம் நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். முடியின் அடி ஒரு பக்கமும் நுனி மறுபக்கமும் போகும் அந்த ஒரு படத்தைத் தேடுங்கள். நல்ல கை வரைந்திருந்தால் அது அங்கே இருக்கும்.