ரிங்கின் வால் எந்தப் பக்கம்?

வீடு கட்டும் இடத்தில் கம்பி வந்து இறங்கியதும் எத்தனை டன், எந்தக் கம்பெனி என்று விசாரிக்கிறோம். அதை எங்கே வெட்ட வேண்டும், எப்படி வளைக்க வேண்டும் என்று சொல்லும் தாளை யாரும் கேட்பதில்லை. அதன் பெயர் பார் பெண்டிங் ஷெட்யூல். தூண், உத்தரம், தளம் என எதில் போகும் கம்பியானாலும், வகைக்கு ஒரு வரி அதில் இருக்கும். வளைத்த வடிவத்தின் சிறு படம், தடிமன், எண்ணிக்கை, வெட்டு நீளம், எடை. இவற்றில் தகராறெல்லாம் வெட்டு நீளத்தில்தான்.

தூணைச் சுற்றிப் போடும் ரிங்கையே எடுத்துக்கொள்வோம். 300-க்கு 450 மில்லிமீட்டர் தூண். சுற்றிலும் 40 மி.மீ. கவர் விட்டால் ரிங்கின் வெளியளவு 220-க்கு 370. நான்கு பக்கமும் கூட்டினால் 1180. கம்பி 8 மி.மீ. முனை இரண்டையும் மடித்து உள்ளே விட வேண்டும். தளத்தில் ஒரு வாய்க்கணக்கு ஓடும்: மடிப்புக்குக் கம்பித் தடிமனைப் போல் பத்து மடங்கு, அதாவது 80 வீதம் 160 சேர், மூலை வளைவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்கும், கொக்கி வளைவுக்கு மூன்று மடங்கும் கழி. கழிப்பது எதற்கென்றால், கம்பி மூலையின் நுனிவரை போகாமல் உட்புறமாகவே வளைந்து திரும்பிவிடுகிறது. மொத்தக் கழிவு 96. விடை 1244.

இந்த விடையை வளைத்துப் பார்க்கலாம். 32 மி.மீ. விட்டமுள்ள பின்னைச் சுற்றி வளைத்தால், நேராக ஓடும் நான்கு பக்கத் துண்டுகளுக்கு 988 போகும். மூன்று மூலை வளைவுகளும் இரண்டு கொக்கி வளைவுகளும் சேர்ந்து சுமார் 188 தின்னும். மிச்சம் 68. ஆக, ஒரு கொக்கிக்கு நேரான வால் 34 மி.மீ.தான். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 13920 விதியின் 2016 பதிப்போ, 135 பாகை வளைவுக்குப் பிறகு கம்பியின் ஆறு மடங்கு, எப்படியும் 65 மி.மீ.க்குக் குறையாமல் வால் வேண்டும் என்கிறது. அதன்படி வெட்டினால் நீளம் 1306.

இதில் ஒரு வேடிக்கை. 12 மீட்டர் கம்பியில் 1244 நீளத்தில் ஒன்பது ரிங் கிடைக்கும். 1306 நீளத்திலும் அதே ஒன்பதுதான். வாலைக் குறைத்து மிச்சம் பிடித்ததெல்லாம், தூக்கிப் போடப் போகும் துண்டை 246 மி.மீ.லிருந்து 804 ஆக்கியதே! கழிக்கவே மறந்து 1340 என்று வெட்டினால் எட்டு ரிங்தான் தேறும்.

பின்னின் அளவும் சும்மா சொன்னதில்லை. கம்பியை வளைக்கும்போது நடுவில் நீளம் மாறாது, வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் நசுங்கும். கம்பியைப் போல் நான்கு மடங்கு பருத்த பின்னில் வெளிப்பக்கம் சுமார் 20 சதவீதம் நீளும். கம்பியளவே உள்ள ஆணியில் மடக்கினால் அது 50 சதவீதம். முதலில் விரிசல் விடுவது கம்பியின் வரிகள் எழும் அடிப்பகுதியில். துருவைத் தேய்த்துவிட்டு வளைவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் குறுக்குக் கீறல் தெரியும். வளைவு கூர்மையானால் கான்கிரீட்டுக்கும் கேடு: இழுவிசை முழுவதும் வளைவின் உள்மடியில் ஒரு சிறு இடத்தில் அழுந்தி அதை நொறுக்கும். தவறாக வளைந்ததை நிமிர்த்தி மறுபடி வளைப்பது அதைவிட மோசம். தீயில் காய்ச்சி வளைப்பதோ டி.எம்.டி. கம்பியின் கெட்டியான மேற்தோலின் பலத்தையே கெடுத்துவிடும்.

இனி வால் எந்தப் பக்கம் என்பது. செங்குத்தாக மடித்த, அதாவது 90 பாகை வால், கவர் கான்கிரீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும். நிலநடுக்கத்தில் முதலில் உதிர்வது அந்தக் கவர்தான். அது போனதும் வாலுக்குப் பிடிப்பில்லை. ரிங் வாய் திறக்கும், உள்ளிருக்கும் நிலைக்கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நொடியும். 135 பாகை வால் தூணின் நடுக்கான்கிரீட்டுக்குள் நுழைந்து நிற்பதால் கவர் உதிர்ந்தாலும் பிடி விடாது. 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. குஜராத்தில் இடிந்த கட்டடங்களை ஆராய்ந்த பொறியாளர்கள் அகலமாக இடைவெளி விட்ட ரிங்குகளையும் 90 பாகை வால்களையும் திரும்பத் திரும்பக் கண்டார்கள். நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2002-ல் திருத்திய வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதற்கு மாற்றியது.

"முழுசா மடிச்சா ரிங்கை உள்ளே விட முடியாது சார், கட்டினப்புறம் மடிச்சுக்கலாம்" என்பார் கம்பி கட்டுபவர். அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இரண்டு முனையும் மடிந்த ரிங்கை நிலைக்கம்பிகளின் தலைவழியாகத்தான் இறக்க வேண்டும். நெருக்கமான இடத்தில் அது எரிச்சலான வேலை. ஆனால் அப்புறம் மடிப்பது பெரும்பாலும் நடப்பதில்லை. சென்ட்ரிங் பலகை அடைக்குமுன் ஒரு நடை போய்ப் பாருங்கள். வால் முனைகள் தூணின் நடுவை நோக்கி இருக்க வேண்டும், விரலால் அளந்தால் மூன்று நான்கு விரல் நீளம் தேற வேண்டும். கொக்கி விழும் மூலையும் ரிங்குக்கு ரிங் மாறி வர வேண்டும். எல்லாம் ஒரே மூலையில் அடுக்கினால், திறந்துகொள்ளும் இடமும் அந்த ஒரே வரிசையாகிவிடும்.