மூன்று நிமிடத்தில் ஒரு பேச்சு

மூன்று நிமிடத்துக்கு நிதானமாகப் பேச ஏறக்குறைய 250 தமிழ்ச் சொற்கள் போதும். நம் பள்ளி மேடைகளில் தலைவர், நடுவர், ஆசிரியர் என்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்வதிலேயே அரை நிமிடம் கரைந்துவிடுகிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது. "அனைவருக்கும் வணக்கம்" போதுமே.

டெங்கு பற்றிப் பேசப்போகும் மாணவி முடிவுரையை முதலில் எழுதட்டும்: "இந்த ஞாயிறு வீட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்." போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்தால், எதை விடுவது என்பதும் தெரியும். டெங்குவின் வரலாறு, வகைகள் எல்லாம் தாமாகவே உதிரும். இரண்டு கருத்துகள் மிஞ்சும்: ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரிலும் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை சுத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்.

தொடக்கம் அரை நிமிடம்: "உங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" கேட்டுவிட்டு இரண்டு நொடி நிறுத்த வேண்டும். பலர் பதற்றத்தில் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஒத்திகையில் தோழி கடிகாரம் பார்க்கட்டும். இரண்டரை நிமிடத்தில் இன்னும் இரண்டாவது கருத்திலேயே நின்றால், வேகத்தைக் கூட்டக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டை வெட்ட வேண்டும்.