தலைவரின் பதிவில் அவர் குரல்

லிங்க்ட்இன் தளத்தில் நிறுவனத் தலைவர்களின் பெயரில் வரும் பதிவுகள் பலவற்றை வேறொருவர் எழுதித் தருகிறார். முதல் வரைவு பெரும்பாலும் பத்திரிகைக் குறிப்பின் நடையிலேயே வரும். அதைச் செப்பனிடுபவர், வரைவில் கை வைக்கும் முன் தலைவர் பேசிக் கேட்க வேண்டும். இருபது நிமிட உரையாடலின் ஒலிப்பதிவும், அவரே தட்டச்சு செய்த சில மின்னஞ்சல்களும் போதும்.

பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் 25ஆம் ஆண்டுப் பதிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வரைவு இப்படித் தொடங்குகிறது: “வெற்றிகரமான 25 ஆண்டுகளை நிறைவு செய்வதைப் பெருமிதத்துடன் அறிவிக்கிறோம். தரமே எங்கள் தாரக மந்திரம்.” இதில் போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்லும் பிசகாது. அப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான் முதலில் அடிக்க வேண்டும்.

ஒலிப்பதிவிலோ தலைவர் சொல்கிறார்: “மொத வருஷம் பன்னெண்டு பம்ப் திரும்பி வந்துச்சு. எல்லாத்துலயும் சீல் ஒழுகுது. நானே உக்காந்து ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தேன்.” பதிவுக்கான தொடக்கம் இதுதான். திருத்திய வடிவம்: “முதல் வருடம் 12 பம்புகள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் சீல் ஒழுகியது. நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன்.” பேச்சின் ஒலி எழுத்துத் தமிழுக்கு மாறியிருக்கிறது. சொற்களின் வரிசையும் வாக்கியங்களின் நீளமும் அவருடையவையாகவே இருக்கின்றன. இந்த இரண்டும் கலைந்தால் குரலும் போய்விடும். நீண்ட பதிவில் முதல் சில வரிகள்தான் திரையில் தெரியும்; மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். அதனால் வாழ்த்தையும் நன்றியையும் பின்னால் தள்ளுவது நல்லது.

‘நாங்கள்’ என்பதை எல்லா இடத்திலும் ‘நான்’ ஆக்கிவிடக் கூடாது. பம்பைக் கழற்றியது அவர். சீலை மாற்றி வடிவமைத்தது பொறியாளர்கள் என்றால் அங்கே ‘எங்கள் பொறியாளர்கள்’ என்றே வர வேண்டும். இல்லாவிட்டால் உடன் வேலை செய்தவர்களே முகம் சுளிப்பார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கும். தலைவர் அடிக்கடி சொல்லும் ‘பாருங்க’ என்பதைப் பத்திக்குப் பத்தி தூவினால் அது மிமிக்ரி ஆகிவிடும், ஒருமுறை போதும். அவர் சொல்லாத நினைவையோ அனுபவத்தையோ சுவைக்காகச் சேர்ப்பது இன்னும் மோசம். அது பொய், நேரில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்கும்போது மாட்டிக்கொள்பவர் அவர்தான்.

அடுத்து, ‘12 பம்புகள் திரும்பி வந்தன’ என்பதை ‘ஆரம்பகாலச் சவால்கள்’ என்று மாற்றச் சொல்லி நிறுவனத்துக்குள்ளிருந்தே கோரிக்கை வரும். எண்ணிக்கை சரியா, வெளியிடத் தடை உண்டா என்பதைச் சரிபார்க்க வேண்டியதுதான். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமானால், இன்னும் அறிவிக்காத விற்பனை, லாபம் போன்ற விவரங்கள் பதிவில் நுழைந்துவிடாமல் சட்டப் பிரிவு பார்க்க வேண்டும். தடை ஏதும் இல்லையென்றால் அந்த வரி அப்படியே நிற்க வேண்டும். பதிவுக்கு உயிர் அதில்தான் இருக்கிறது.

கடைசியாகத் தலைவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடுக்கும் இடத்தில் வேறொருவரின் வாக்கியம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் “இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டால் திருத்தம் முடிந்தது.